என் கோட்பாட்டின்படி

1913 பிப்ரவரி 27-ஆம் தேதி, சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த 25 வயது ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தன் இரண்டாவது கடிதத்தை எழுதினார். முதல் கடிதத்தை ஹார்டி மதித்துப் பதில் போட்டிருந்தார். அந்தத் தெம்பில் ராமானுஜன் ஒரு பழைய வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறார். லண்டனிலிருந்த ஒரு கணிதப் பேராசிரியர், பிராம்விச்சின் முடிவிலித் தொடர்கள் பற்றிய நூலை ஒழுங்காகப் படி, விரியும் தொடர்கள் என்ற பள்ளத்தில் விழாதே என்று தனக்கு அறிவுரை கூறியதை நினைவுகூர்கிறார். அந்தப் பேராசிரியரிடம் தான் 1 + 2 + 3 + 4 + … = −1/12 என்று சொல்லியிருந்ததாகவும், இதை உங்களிடம் சொன்னால் நான் போகவேண்டிய இடம் மனநலக் காப்பகம்தான் என்று உடனே வழிகாட்டிவிடுவீர்கள் என்றும் எழுதுகிறார்.

இந்தக் கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது எல்லோரும் தவறவிடும் சிறு சொற்றொடர் ஒன்று அதே வாக்கியத்தில் இருக்கிறது. தொடரின் கூட்டுத்தொகை −1/12 என்று ராமானுஜன் வெறுமனே எழுதவில்லை. "என் கோட்பாட்டின்படி" என்று சேர்த்து எழுதினார். இந்தச் சமன்பாட்டின் பொருள் முழுவதும் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டுச் சமன்பாட்டை மட்டும் பரப்பினால் அது பொய்.

பிளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகள் இதை ஒரு காணொளியில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "எல்லாமே முழு எண், எல்லாமே பாசிட்டிவ். கூட்டக் கூட்ட ஏறிக்கிட்டேதானே போகும்? மைனஸ் எப்படி சித்தப்பா வரும்? பின்னம் எப்படி வரும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது மிகச் சரி. வராது என்றுதான் முதலில் சொன்னேன்.

முடிவில்லாத எண்களைக் கூட்டுவது என்றால் என்ன? உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டி யாராலும் முடிக்க முடியாது. அதனால் கணிதம் ஒரு வரையறை வைத்துக்கொண்டது. முதல் எண், முதல் இரண்டு, முதல் மூன்று என்று இடைக்கூட்டல்களை வரிசையாக எழுது. அவை ஏதாவது ஓர் எண்ணை விடாமல் நெருங்கிக்கொண்டே போனால், அந்த எண்தான் தொடரின் கூட்டுத்தொகை. 1/2 + 1/4 + 1/8 + … என்று கூட்டினால் 0.5, 0.75, 0.875 என்று 1-ஐ நெருங்குகிறது. ஆகவே கூட்டுத்தொகை 1. இப்படிப்பட்டது ஒருங்கும் தொடர். 1 + 2 + 3 + 4 + … என்பதில் இடைக்கூட்டல்கள் 1, 3, 6, 10, 15 என்று போகின்றன. நூறு எண்களைக் கூட்டினால் 5050. எதையும் நெருங்கவில்லை, இது விரியும் தொடர். பள்ளியில் படித்த பொருளில் இதற்குக் கூட்டுத்தொகையே கிடையாது. எத்தனை கோடி எண்களைக் கூட்டினாலும் ஒரு கட்டத்தில் சட்டென்று திரும்பி மைனஸ் பக்கம் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை, ராமானுஜன் உட்பட.

அப்படியானால் அவர் என்னதான் கண்டார்? அவருடைய முதல் நோட்டுப் புத்தகத்தில் இதற்கு மூன்றே வரிகளில் ஒரு வழி எழுதியிருக்கிறார். தொடரை c என்று வைத்துக்கொள்கிறார். அதை நான்கால் பெருக்கி, ஒரு இடம் விட்டு ஒரு இடம் கீழே எழுதுகிறார்:

c = 1 + 2 + 3 + 4 + 5 + 6 + …
4c = 0 + 4 + 0 + 8 + 0 + 12 + …

மேல்வரியிலிருந்து கீழ்வரியைக் கழித்தால், இரட்டை இடங்களில் 2 − 4 = −2, 4 − 8 = −4 என்று வருகிறது. ஆகவே

−3c = 1 − 2 + 3 − 4 + 5 − 6 + …

வலப்பக்கம் இருப்பது ஏறி இறங்கும் தொடர். அதன் மதிப்பு 1/4 என்று எடுத்துக்கொள்கிறார். −3c = 1/4 என்றால் c = −1/12. கணக்கு முடிந்தது.

அந்த 1/4 எங்கிருந்து வந்தது? இடைக்கூட்டல்களைப் பார்த்தால் 1, −1, 2, −2, 3, −3 என்று இருபுறமும் அலைகிறது, எங்கும் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் சற்றே குறைத்து எழுதினால் நிலைமை மாறுகிறது. x என்பது 1-ஐ விடச் சிறிய எண்ணாக இருக்கும்போது 1 − 2x + 3x² − 4x³ + … என்ற தொடர் ஒழுங்காக ஒருங்குகிறது. அதன் கூட்டுத்தொகை 1/(1 + x)². x = 0.9 என்றால் 0.277, 0.99 என்றால் 0.2525, 0.999 என்றால் 0.25025. குறைப்பதை எவ்வளவு லேசாக்குகிறோமோ அவ்வளவு 1/4-ஐ நெருங்குகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் 1749-லேயே இந்த வழியில் 1/4 என்ற மதிப்பைத் துணிந்து பயன்படுத்தியிருக்கிறார். அது அன்று கும்பகோணத்து இளைஞருக்கு எட்டியிருக்க வாய்ப்பில்லாத விஷயம். தானே கண்டுபிடித்தார் என்றுதான் நான் நம்புகிறேன்.

காணொளிகள் பெரும்பாலும் இந்த மூன்று வரியைக் காட்டிவிட்டு, "பார்த்தீர்களா!" என்று நிறுத்திவிடுகின்றன. அங்கே நிறுத்துவது ஆபத்து. இதே போன்ற வரிகளைக் கொண்டு எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். கீழ்வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: தொடரின் முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு இடம் தள்ளுகிறோம். பூஜ்யத்தைச் சேர்த்தால் என்ன மாறப்போகிறது?

c = 1 + 2 + 3 + 4 + …
c = 0 + 1 + 2 + 3 + …

கழித்தால் 0 = 1 + 1 + 1 + 1 + … என்று வருகிறது. இந்தப் புதுத் தொடரையும் ஒரு இடம் தள்ளிக் கழித்தால், வலப்பக்கம் முதல் 1 மட்டும் மிஞ்சுகிறது. 0 = 1 ஆகிவிட்டது. ராமானுஜன் செய்ததும் பூஜ்யங்களை இடையில் செருகியதுதான், நாம் செய்ததும் பூஜ்யத்தைச் செருகியதுதான். அவருக்கு உருப்படியான விடை வந்தது, நமக்கு உளறல் வந்தது. ஏன்? லண்டன் பேராசிரியர் எச்சரித்த பள்ளம் இதுதான். எச்சரிக்கை நியாயமானது. ஆனால் எதிரே நின்றவர் பள்ளத்தின் ஓரத்தில் எங்கே கால் வைக்கலாம் என்று அறிந்தவர் என்பதை அந்தப் பேராசிரியரால் அன்று பார்க்க முடியவில்லை.

எங்கே கால் வைக்கலாம் என்பதைப் பார்க்க ஒரு கணினியும் எக்செல்லும் போதும். நானும் என் அண்ணன் மகளும் அன்று மாலை இதைச் செய்தோம். நீங்களும் செய்து பாருங்கள்.

சாதாரணமாக நாம் ஒரு தொடரை வெட்டிக் கூட்டுகிறோம். நூறாவது எண் வரை முழுசாகச் சேர். நூற்றியொன்றாவதை அப்படியே விட்டுவிடு. இது கத்தியால் நறுக்குவது. அதற்குப் பதில் மெல்ல மெல்லத் தேய்த்துக் கூட்டலாம். தொடக்கத்து எண்களைக் கிட்டத்தட்ட முழுசாக எடுத்துக்கொண்டு, போகப்போகக் குறைவாக எடுத்துக்கொள்வது. அதற்கு e^(−n/10) என்ற குறைப்பை வைத்தோம். முதல் எண்ணில் 0.905 பங்கு, பத்தாவது எண்ணில் 0.368 பங்கு, ஐம்பதாவது எண்ணில் 0.0067 பங்குதான் கணக்கில் வரும். எக்செல்லில் A பத்தியில் 1 முதல் 300 வரை எழுதி, பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டோம்:

```
=A1*EXP(-A1/10)
```

கீழே வரை இழுத்து, அந்தப் பத்தியைக் கூட்டினால் வந்த விடை 99.9167.

அவள் அதைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். "நூறுக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள். எவ்வளவு கம்மி என்று கேட்டேன். 0.0833. பன்னிரண்டில் ஒரு பங்கு 0.08333…

10-க்குப் பதில் 20 போட்டோம். தேய்ப்பு இன்னும் மெதுவாக நடக்கும். வரிசையை 600 வரை நீட்டினோம். விடை 399.9167. 10-இன் வர்க்கம் 100, 20-இன் வர்க்கம் 400. இரண்டிலும் அதே 0.0833 குறைகிறது. 5 போட்டால் 24.9168. பொதுவாக N என்று போட்டால் விடை N² − 1/12. அதோடு N பெரிதாகப் பெரிதாக மறைந்துவிடும் ஒரு துளி.

"சரி, இந்த e போட்டதாலதான் இப்படி வருதோ?" என்றாள். நல்ல சந்தேகம். வேறொரு தேய்ப்பை எடுத்தோம்:

```
=A1*EXP(-1*(A1/10)^2)
```

இது முதலில் மிக மெதுவாகவும் பிறகு மிக வேகமாகவும் தேய்க்கும். (இங்கே -1* என்பதை விட்டுவிடாதீர்கள். வெறும் மைனஸ் குறியைப் போட்டால் எக்செல் மைனஸையும் சேர்த்து வர்க்கமாக்கிவிடும். தேய்வதற்குப் பதில் வீங்கும்.) விடை 49.9166. நூறு ஐம்பதாக மாறிவிட்டது. ஆனால் 0.0833 அசையவில்லை.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தொடரை மெல்லத் தேய்த்துக் கூட்டும்போது விடை இரண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு பிரம்மாண்டமானது. N வளர வளர எல்லையில்லாமல் வளர்வது. எந்த வடிவத்தில் தேய்த்தோம் என்பதைப் பொறுத்து 100 ஆகும், 50 ஆகும். அது தொடருக்குச் சொந்தமானது அல்ல, நாம் தேய்த்த விதத்துக்குச் சொந்தமானது. இன்னொரு துண்டு சின்னஞ்சிறியது. எப்படித் தேய்த்தாலும் மாறாதது. தொடருக்கே உரிய அந்த மாறிலிதான் −1/12. தொடர் முடிவிலிக்குப் போகிறது என்பதும் உண்மை. அதனுள் −1/12 இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. n-ஆவது எண்ணுக்குக் கொடுக்கும் குறைப்பு n/N என்ற விகிதத்தை மட்டுமே பொறுத்து வழவழப்பாக இறங்க வேண்டும். கத்தியால் நறுக்கினால் விளிம்பின் கரடுமுரடு அந்தச் சின்ன மாறிலியை மூடிவிடும். பள்ளிப் பாடத்து n(n + 1)/2 என்ற வாய்பாட்டில் −1/12 கண்ணில் படாததற்கு அதுதான் காரணம்.

இப்போது ராமானுஜனின் மூன்று வரிகளுக்குத் திரும்புவோம். மேல்வரியையும் கீழ்வரியையும் இடம் பார்த்துத் தேய்ப்போம். N = 10 என்று வைத்தால் மேல்வரி 99.9167. கீழ்வரியில் 4 இரண்டாம் இடத்தில், 8 நான்காம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இட எண் இரட்டிப்பானதால் தேய்ப்பும் இருமடங்கு வேகமாக நடக்கிறது; N = 5 போட்டதற்குச் சமம். ஆகவே கீழ்வரியின் மதிப்பு 24.9168-இன் நான்கு மடங்கு, அதாவது 99.6673. இரண்டையும் கழித்தால் 0.2494. N-ஐப் பெரிதாக்கினால் இது 1/4-ஐ நெருங்கும்.

நடந்தது என்ன என்று பாருங்கள். மேல்வரி N² − 1/12. கீழ்வரி (N/2)²-இன் நான்கு மடங்கு, அதுவும் N², கழிப்பது 4/12. ராட்சதத் துண்டுகள் இரண்டும் அளவெடுத்தாற்போல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியவை −1/12-உம் −4/12-உம். அவற்றின் வித்தியாசம் 3/12, அதாவது 1/4. ஒரு இடம் விட்டு ஒரு இடம் எழுதியது ஏதோ அழகுக்காக அல்ல. நான்கால் பெருக்கியதும் இடத்தை இரட்டித்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால்தான் பூதம் பூதத்தை விழுங்கியது.

நம் பூஜ்யத் தந்திரத்தில் இது நடக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு இடம் தள்ளி N = 10-இல் தேய்த்தால் கீழ்வரி 90.4084 ஆகிறது. மேல்வரியிலிருந்து கழித்தால் 9.5083. N = 20 என்றால் 19.5 சொச்சம். ராட்சதத் துண்டு முழுதாக அடிபடவில்லை. ஒரு N மிச்சம் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் பூஜ்யம் என்று எழுதியதால்தான் 0 = 1 என்ற உளறல் பிறந்தது. ஆகவே விரியும் தொடர்களில் ஒரு படி சரியா தப்பா என்று பார்க்க ஒரு சோதனை கையில் இருக்கிறது: அந்தப் படியைத் தேய்த்த தொடர்களோடு செய்து பார்த்து, வளரும் துண்டு முழுமையாக அடிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடிபட்டால் மாறிலிகளை நம்பலாம்.

ராமானுஜனுக்கு எக்செல் இல்லை. ஆனால் அவர் கோட்பாடு என்று சொன்னது இந்த மாறிலியைப் பற்றித்தான். இரண்டாவது நோட்டுப் புத்தகத்தின் ஆறாவது அத்தியாயத்தில், ஒவ்வொரு தொடருக்கும் ஒரு மாறிலி உண்டு என்று எடுத்துக்கொண்டு, ஆய்லரும் மெக்லாரினும் கொடுத்த வாய்பாட்டிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் முறையை எழுதிவைக்கிறார். அந்த மாறிலி ஒரு பொருளின் ஈர்ப்பு மையம் போன்றது என்கிறார். எவ்வளவு நல்ல உவமை! ஒரு வளையத்தின் ஈர்ப்பு மையம் நடுவில், வெற்றிடத்தில் இருக்கிறது. அங்கே கையை வைத்தால் ஒன்றும் தட்டுப்படாது. ஆனாலும் சில கணக்குகளில் முழு வளையத்துக்கும் பதிலாக அந்த ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொள்ளலாம். −1/12 என்பதும் அந்தத் தொடரின் கூட்டுத்தொகை இருக்கும் இடம் அல்ல. சில கணக்குகளில் தொடருக்குப் பதிலாக நிற்கக்கூடிய எண்.

வேறொரு பக்கத்திலிருந்து வந்தாலும் இதே எண்தான் கிடைக்கிறது. 1 + 1/2ˢ + 1/3ˢ + … என்ற தொடர், s என்பது 1-ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை ஒழுங்காக ஒருங்குகிறது; s = 2 என்றால் π²/6. இதற்கு ஜீட்டா சார்பு என்று பெயர். 1859-இல் ஜெர்மானியக் கணிதர் ரீமான், இந்தச் சார்பைத் தொடர் செல்லுபடியாகாத இடங்களுக்கும் நீட்டினார். வழவழப்பாக நீட்ட வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு அப்படி நீட்ட ஒரே ஒரு வழிதான் உண்டு. நீட்டிய சார்பில் s = −1 என்று போட்டால் −1/12 வருகிறது. அதே −1-ஐப் பழைய தொடரில் போட்டால் 1 + 2 + 3 + … என்று தோற்றமளிக்கும். ஆனால் அந்த இடத்தில் தொடருக்கு அதிகாரம் இல்லை. நீட்டிய சார்புக்குத்தான் அதிகாரம். இரண்டுக்கும் நடுவே சமக்குறி போடும்போது நாம் தொடரின் பெயரைச் சொல்லிச் சார்பின் மதிப்பைக் கூறுகிறோம்.

இனி, இயற்பியல். "இயற்கையே −1/12 என்று நிரூபித்துவிட்டது" என்று பலரும் எழுதுகிறார்கள். அது உண்மையின் பாதி. மீதிப் பாதிதான் எனக்கு அதிகம் பிடித்தது.

1948-இல் நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஹெண்ட்ரிக் காசிமிர், வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தட்டுகள் மின்னூட்டம் ஏதும் இல்லாமலேயே ஒன்றையொன்று இழுக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார். வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளுக்கு நடுவே தந்தி அடிப்படை அதிர்வெண்ணிலும், அதன் இரு மடங்கிலும், மூன்று மடங்கிலும் அதிரலாம். தட்டுகளுக்கு நடுவே மின்காந்த அலைகளும் அப்படியே. குவாண்டம் விதிப்படி ஒவ்வோர் அதிர்வும் ஓய்ந்திருக்கும் நிலையில்கூட அதிர்வெண்ணுக்கு ஏற்ற ஒரு சிறு ஆற்றலை வைத்திருக்கும். தட்டுகளுக்கு இடையிலான தூரம் L என்றால், எளிமைக்காக ஒரே திசையில் ஓடும் அலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மொத்த ஆற்றல் (1 + 2 + 3 + 4 + …)/L என்பதற்கு விகிதமாக இருக்கும். அதே தொடர் வந்துவிட்டது.

இங்கே −1/12 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சரியான விடை வரும். ஆனால் ஏன் வருகிறது? உண்மையான உலோகம் எல்லா அலைகளையும் தடுத்து நிறுத்தாது. மிக அதிக அதிர்வெண் கொண்ட அலைகள் தட்டை ஊடுருவிப் போய்விடும். அவற்றுக்குத் தட்டு இருப்பதே தெரியாது. அதாவது தேய்ப்பை நாம் செய்யவேண்டியதில்லை, உலோகமே செய்கிறது. எந்த அதிர்வெண்ணுக்கு மேல் தேய்ப்பது என்பதை உலோகம் தீர்மானிக்கிறது. அதற்குக் கீழே எத்தனை அதிர்வுகள் அடங்கும் என்பது தூரத்தைப் பொறுத்தது. தூரம் இரட்டித்தால் அதிர்வுகளும் இரட்டிக்கும். ஆகவே நம் N, L-க்கு விகிதமாக இருக்கிறது. ஆற்றல் (N² − 1/12)/L என்றால், அதன் ராட்சதத் துண்டு N²/L. அது L-க்கு நேர்விகிதம். தட்டுகளை நெருக்கினால் உள்ளே L எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெளியே இடம் கூடுகிறது. உள்ளே குறைந்த ராட்சத ஆற்றல் வெளியே கூடிவிடுகிறது, மொத்தத்தில் மாற்றமில்லை. அதனால் எந்த விசையும் பிறக்காது. மிஞ்சுவது −1/12-ஐ L-ஆல் வகுத்த சிறு துண்டு மட்டும். L குறையக் குறைய அது மேலும் மேலும் மைனஸ் பக்கம் இறங்குகிறது. ஆற்றல் குறையும் பக்கம் தட்டுகள் நகரும். ஆகவே இழுப்பு.

எல்லாத் திசைகளையும் கணக்கில் எடுத்தால் தொடர் 1 + 8 + 27 + 64 + … என்ற கன எண்களின் தொடராகிவிடும், அதன் மாறிலி 1/120. ஆனால் நடக்கும் கதை இதுவே. 1997-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் லாமரோ ஒரு தட்டையும் ஒரு கோளப் பரப்பையும் வைத்து இந்த இழுப்பை அளந்து, காசிமிரின் கணக்கோடு ஒத்துப்போவதைக் காட்டினார்.

ஆகவே இயற்கை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போய் −1/12-இல் நிற்கவில்லை. அங்கும் முடிவிலியை நோக்கிப் போகும் துண்டு இருக்கிறது. தட்டின் மறுபக்கம் அதற்குச் சமமான இன்னொன்று நின்று அதை அடித்துவிடுகிறது. ராமானுஜனின் மேல்வரியும் கீழ்வரியும் செய்த அதே வேலையைத் தட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் செய்கின்றன. எங்கே இப்படி அடிபடுகிறதோ அங்கே −1/12 உண்மையான விடையைத் தரும். அடிபட வழியில்லாத இடத்தில் அதைப் போட்டால் விடை தப்பாகும். ஒரு பெட்டியில் முதல் நாள் ஒரு ரூபாய், மறுநாள் இரண்டு ரூபாய், அடுத்த நாள் மூன்று என்று போட்டுக்கொண்டே போனால் பெட்டி நிறையும். யாருக்கும் கடன் வராது.

ஹார்டி இந்த விஷயத்தை மறக்கவில்லை. விரியும் தொடர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைந்த பிறகு 1949-இல் வெளிவந்தது. முந்தைய கணித மேதைகள் இப்படிப்பட்ட தொடரின் மதிப்பு "என்ன?" என்று கேட்டார்கள், "என்ன என்று வரையறுப்பது?" என்று கேட்கவில்லை என்று அதில் சுட்டிக்காட்டுகிறார். வரையறையைச் சொல்லிவிட்டால் விவாதம் தீர்ந்துவிடும். அந்த நூலில் ராமானுஜனின் முறைக்கும் இடம் இருக்கிறது.

கணிதப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் இந்தச் சமன்பாட்டைக் கொண்டுவந்தால், தப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அதிசயம் என்று கைதட்டியும் அனுப்பிவிடாதீர்கள். எக்செல்லைத் திறந்து 99.9167-ஐக் காட்டுங்கள். பிறகு, கணிதர்கள் இன்று அதை எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் காட்டுங்கள்:

1 + 2 + 3 + 4 + … = −1/12 (ℜ)

ஓரத்தில் உள்ள அந்த ℜ, ராமானுஜனின் பெயரின் முதல் எழுத்து. 1913-இல் அவர் கடிதத்தில் எழுதிய "என் கோட்பாட்டின்படி" என்ற சொற்கள் இன்று அந்த ஓர் எழுத்தில் இருக்கின்றன.